எச்.ஆர். அக்கா

“தங்கள் விபரங்களை எமது கோப்பில் வைத்திருப்போம், தகுந்த வெற்றிடம் ஏற்படும்போது அறியத்தருவோம்” என்று ஒரு கம்பனியிலிருந்து கடிதம் வருமாயின், அதன் தாற்பரியம் ‘போய் வாரும்’ என்பதே என அறியாத பட்டதாரி யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. ஆயினும் அவ்வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்துச் சத்தியமென்று கொண்டு, வந்த விண்ணப்பங்களையெல்லாம் வருஷக்கணக்காகப் பேணிவைத்திருந்து, ஒருநாட் காலை திடீரென்று தொலைபேசியை எடுத்து “தம்பி, இன்னும் வேலை தேடுறீங்களோ?” என்று விசாரிக்கும் ஜீவன் ஒன்று உண்டு. கஸ்தூரியார் வீதியிலும் ஸ்டான்லி வீதியிலும் மாடியறைகளில் இயங்கும் மென்பொருட் கம்பனிகளிலே அதைக் காணலாம். அங்குள்ள இளைஞர் அதனை எச்.ஆர். அக்கா என்பர்.

அக்காவின் ஆஸ்தி முழுவதும் ஓர் எக்செல் கோப்பிலே அடங்கும். பெயர், படித்த இடம், தெரிந்த தொழில், கேட்ட சம்பளம், சேரக்கூடிய நாள் என்று நிரல் நிரலாக அதில் எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் முதல் இரண்டும் மாறா, மூன்றாவது வளரும், கடைசி இரண்டுமோ எழுதிய ஆறு மாதத்திலேயே பொய்யாகிவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயையும் தாண்டிப்போனதன் பின்னர், அதற்கு முன் எழுதப்பட்ட எதிர்பார்ப்புச் சம்பளம் எதையும் ஒருவரிடம் வாசித்துக்காட்டுவது அவரை அவமதிப்பதற்குச் சமானம். “நீங்கள் முந்தித் தொண்ணூறாயிரம் எண்டுதானே கேட்டனீங்கள்?” என்று ஆரம்பிக்கும் கற்றுக்குட்டிகளும் உளர்; அவர்களுடன் சம்பாஷணை நீடிப்பதில்லை.

அக்காவும் உத்தியோகத்துக்கு வந்த புதிதில், இக்கோப்பைப் புதுப்பிக்கும் உற்சாகத்திலே, அதிலிருந்த சகலருக்கும் ஒரே கடிதத்தை ஒரே அழுத்தில் அனுப்பினாராம். “அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, தாங்கள் எப்போது வேலையில் இணையலாம் என்பதையும் தங்கள் சம்பள எதிர்பார்ப்பையும் அறியத்தரவும்” என்ற அக்கடிதத்தில் எந்த வேலை என்றோ, வேலை உண்டென்றோ, இல்லையென்றோ ஒரு சொல்லுமில்லை. அதன் பலன் விசித்திரமானது. ஒருவர் அதே கம்பனியில் ஏற்கெனவே சேர்ந்து, அக்காவுக்கு எதிர்மேசையில் இருந்துகொண்டே அதை வாசித்து, தம்மை நீக்கிவிட்டு மீண்டும் எடுக்கப்போகிறார்களோ என்று கலங்கினார். ஒருவருடைய தகப்பனார், “பிள்ளை, அவன் ஸ்காபரோவுக்குப் போய் மூண்டு வரியமாச்சு; வேலை இருந்தால் அவன்ரை தம்பிக்குக் குடுங்கோவன்” என்று தொலைபேசியில் வேண்டினார். வேறொரு வீட்டிலே அதனை நியமனக் கடிதமென்று கொண்டு செல்வச்சந்நிதியில் தேங்காயும் உடைத்துவிட்டார்கள். இன்று அக்கா எழுதும் கடிதத்தின் முதல் வரியே ‘இது நியமனமன்று, விசாரிப்பு மாத்திரமே’ என்பது; இரண்டாம் வரி, இருக்கும் வேலை இன்னதென்பது.

இப்போது அவர் கைக்கொள்ளும் முறை வேறு. கோப்பை மேலிருந்து கீழாக வாசியாமல், முன்னொருகால் கடைசி நேர்முகம்வரை வந்து, ஓர் இடமே இருந்த காரணத்தால் இரண்டாமவராகத் திரும்பியவர்களை முதலில் தேடுகிறார். அவர்கள் ஏற்கெனவே பரீட்சிக்கப்பட்டவர்கள். ஏன் எடுக்கவில்லை என்பதும் குறிப்பிலே உண்டு. அக்குறிப்பு இல்லாதவரை அவர் அழைப்பதில்லை, ஏனெனில் “அப்ப ஏன் என்னை எடுக்கேல்லை?” என்ற கேள்விக்கு மறுமொழி இல்லாமல் விழிப்பது அந்தத் தொழிலிலே பெரிய அவலம்.

அத்தகைய ஓர் அழைப்பை அருகிருந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மறுமுனையில் வெள்ளவத்தையில் அறையெடுத்திருந்து கொழும்பிலே தொழில் பார்க்கும் ஓர் இளைஞர்.

“தம்பி, 2021இலை எங்களிட்டை நேர்முகத்துக்கு வந்தனீங்களெல்லே? அப்ப நீங்கள் இரண்டாமாள். இப்ப அதே இடம் வெறுமையா இருக்கு. ஊருக்கு வாற யோசினை இருக்கோ?”

“ஓம் அக்கா, அம்மாவும் தனிய. உடனை வரலாம்.”

‘உடனே’ என்பதை அப்படியே கோப்பில் எழுதுபவர் இத்தொழிலுக்கு ஆகார். அக்கா எழுதவில்லை.

“கடிதம் குடுத்தால் எத்தினை நாள் நிக்கவேணும்?”

“இரண்டு மாதம்.”

“அப்ப நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னமோ, தீர்த்தத்துக்குப் பிறகோ?”

“...பிறகு, அக்கா.”

இருபத்தைந்து நாள் திருவிழாவையும் கூட்டி, ‘உடனே’ என்பதற்கு நேராக மூன்று மாதமென்று அவர் குறித்துக்கொண்டார். அரசாங்க ஆசிரிய நியமனத்துக்கு எழுதியிருக்கிறாரா, கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்திருக்கிறாரா என்பனவற்றையும் நயமாக விசாரித்தார். பின்னர் சம்பளம் வந்தது.

“ஒண்டரை லட்சம் எதிர்பார்க்கிறன்.”

“கையிலையோ, மொத்தமோ?”

மறுமுனையில் நெடுமௌனம். இந்த மௌனத்திலேதான் பல நியமனங்கள் பிற்காலத்தில் முறிகின்றன. மொத்தச் சம்பளம் 150,000 ரூபாயாயின், அது முழுவதற்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம், அதாவது 12,000 கழிய, கைக்கு வருவது 138,000. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வருமான வரி இல்லையாதலால் வேறு பெரிய கழிவு இல்லை. அந்த இளைஞர் கையிலேயே ஒன்றரை லட்சத்தை விரும்புவாராயின், மொத்தம் ஏறத்தாழ 164,000 ஆகவேண்டும். அதிலே சேமலாப நிதிக்கு 13,120, எல்லையைத் தாண்டிய தொகைக்கு ஆறு வீத வரி 840. கம்பனியோ இதற்குமேல் சேமலாப நிதிக்குப் பன்னிரண்டு வீதமும் நம்பிக்கை நிதிக்கு மூன்று வீதமும் தன் பங்காகச் செலுத்த, அதன் செலவு 188,600 ஆகிறது. முகாமையாளர் “ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன்” என்று சொல்லும்போது இவற்றுள் எதைச் சொல்கிறார் என்பதை அவரிடமும் கேட்டறிந்துகொண்டே அக்கா தொலைபேசியை எடுக்கிறார். இதனை அவருடைய விவேகங்களுள் தலையாயதாக நான் கருதுகிறேன்.

வரமுடியாதென்பவரிடம் அவர் வாதிடுவதில்லை. “விபரத்தை வைச்சிருக்கவோ, அழிக்கவோ?” என்று மாத்திரம் கேட்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய தகவலைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருத்தல் தகாதென்கிறது. அழிக்கச் சொன்னவர் பெயரை அழிக்கும்போது அக்காவின் முகம் வாடுவதை நான் கண்டிருக்கிறேன்; கோப்பு குறைந்த துக்கம் அது.

இத்தனை குணங்களும் பொருந்திய அக்காவிடம் ஒரு குறையும் உண்டு. மற்றவருடைய எதிர்பார்ப்பை ரூபாய் சதம் வரை கேட்டறியும் அவர், தம் கம்பனி தரக்கூடிய தொகையை மட்டும் முதலழைப்பில் சொல்வதில்லை. “அதைப் பிறகு கதைப்பம்” என்று மிக மதுரமாகக் கூறிவிடுவார். வருஷங்கள் கழித்துத் தாமாக அழைப்பவரே முதலில் தொகையைச் சொல்லவேண்டுமென்பது என் அபிப்பிராயம். ஆதலால், எங்கோ விண்ணப்பம் எழுதி மறந்துபோன வாசகரே, அக்காவின் அழைப்பு வரும்போது உமது தொகையைச் சொல்லுமுன்னர், “நீங்கள் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீங்கள், அது கையிலையோ, மொத்தமோ?” என்று கேட்டுவிடும். அவர் கோபிக்கமாட்டார், இரண்டாம் அழைப்பிலே சொல்லிவிடுவார்.