ரெண்டு மானேஜர், ஒரு ராத்திரி

அமெரிக்காவில் ஒருவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தால் சென்னையில் ஒருவருக்குத் தூக்கம் போகும். ஆஸ்பத்திரி அனுப்பிய பில்லை அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி 'தர முடியாது' என்று திருப்பிவிடும். ஏன் தர முடியாது என்று போன் போட்டுக் கேட்பதற்காகப் பெருங்குடியிலும் கிண்டியிலும் ஹெட்செட் மாட்டிய ஒரு பட்டாளம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். இவர்களுக்கு ஏ.ஆர். காலர் என்று பெயர். நானும் அதே மெடிக்கல் பில்லிங் தொழில்தான், ஆனால் பகல் பக்கம். வந்த பணத்தை வரவு வைக்கும் பேமென்ட் போஸ்டிங். யாருக்கும் போன் போட வேண்டியதில்லை என்பதால் வெயிலைப் பார்க்கிற பாக்கியம் உண்டு. சம்பளம்தான் கொஞ்சம் இருட்டு.

அந்த இருட்டைப் போக்கத்தான் வேறொரு கம்பெனியில் ஏ.ஆர். டீமுக்கு இன்டர்வியூ போனேன். கிடைத்தும்விட்டது. கையில் வருவது 34,000-லிருந்து 46,000 ஆகும், நைட் அலவன்ஸ் உட்பட. ஷிஃப்ட் மாலை 6:30 முதல் அதிகாலை 3:30 வரை. ஷிஃப்ட் தொடங்கும்போது நியூயார்க்கில் காலை 9 மணி. நவம்பர் முதல் ஞாயிறு வந்தால் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அவர்கள் தள்ளியதும் நம் ஷிஃப்ட் 7:30-க்கு நகரும், மார்ச்சில் திரும்பி வரும். தீபாவளி ராத்திரி ஆபீஸ் உண்டு. அதற்கு ஈடாக நவம்பர் நாலாவது வியாழக்கிழமை லீவு. அன்றைக்கு அவர்கள் வான்கோழி சாப்பிடுவார்கள். நாம் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாப்பிடலாம்.

இதெல்லாம் பழகிவிடும். எங்கள் வீட்டுச் சிக்கல், நைட் ஷிஃப்ட் சீட்டை ஏற்கெனவே ஒருவர் பிடித்து வைத்திருப்பதுதான்.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். தண்டையார்பேட்டையில் ஏறினால் ஜோலார்பேட்டையில் இறங்குவார், கடைசியில் ஆடிக்கொண்டு வரும் பிரேக் வேனில் தனி ராஜா. 2022-ல் கார்டு என்ற பதவிப் பெயரை ரயில்வே 'ட்ரெயின் மானேஜர்' என்று மாற்றியது. அப்பா ரிடையராகி வெகுகாலம் கழித்து வந்த பிரமோஷன் என்றாலும், செய்தியைப் படித்துக் காட்டியபோது, "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். சமீபகாலமாக அவருக்கு மறதி நோய். பகலெல்லாம் பேப்பரும் கையுமாகச் சாதுவாக இருப்பார். சாயங்காலம் ஐந்தரை ஆனால் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

டாக்டர் இதை 'சன்டவுனிங்' என்றார். பொழுது சாயும்போது இந்த நோயாளிகளில் பலருக்குப் பதற்றமும் குழப்பமும் கூடுமாம். அவர் சொன்ன வைத்தியத்தில் பாதி மின்சாரத் துறை சம்பந்தப்பட்டது. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டும், நிழல் விழக்கூடாது. மத்தியானத் தூக்கம் குறைய வேண்டும், மூன்று மணிக்கு மேல் காபி கூடாது. மிச்சப் பாதி, எதிர்த்து வாதாடக் கூடாது என்பது. "உங்களுக்குத்தான் ரிடையர் ஆயிடுச்சேப்பா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் தெரியும். வீடே ஸ்ட்ரைக் நடக்கும் யார்டு மாதிரி ஆகிவிடும்.

நான் வாதாடுவதில்லை. ரயில்வேயில் அந்தக் காலத்தில் கால்பாய் என்று ஓர் ஆள் உண்டு. வண்டி புறப்பட இரண்டு மணி நேரம் முன்பு சைக்கிளில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார். அவர் நீட்டும் கால்புக்கில் கார்டு நேரம் போட்டுக் கையெழுத்திட்டால்தான் டூட்டிக்கு ஒத்துக்கொண்டதாக அர்த்தம். இப்போது அந்தக் கால்பாய் நான்தான். மகளின் பழைய ரஃப் நோட்டை நீட்டி, "சார், ஜோலார்பேட்டை கூட்ஸ் லேட். லைன் கிளியர் கிடைக்கல. இருபத்திரெண்டு மணிக்குத்தான் புறப்பாடு" என்பேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்திடுவார், பக்கத்தில் 17.40 என்று நேரமும் எழுதுவார். பிறகு, "இன்ஜின் ஏறலையா, டிரைவர் வரலையா?" என்று விசாரணை. காரணம் தினம் ஒன்றாக இருக்க வேண்டும். நேற்றைய காரணத்தையே இன்றைக்கும் சொன்னால் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார். மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது மட்டும் நினைவில் இருக்காது.

ஒன்பது மணிவாக்கில் இட்லி சாப்பிட்டுப் படுப்பார். இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து வாசல் தாழ்ப்பாளைச் சோதிப்பார். என் மனைவி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி காலை 8-2, மதியம் 2-8, நைட் என்றால் இரவு எட்டிலிருந்து காலை எட்டு. வாரம் மாறினால் டூட்டியும் மாறும். அவளுக்கு நைட் விழுகிற வாரம் வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கிற மகளும் ட்ரெயின் மானேஜரும் நானும்தான்.

ஆஃபர் லெட்டர் வந்த அன்றைக்கே மனைவி பேப்பர், பேனா எடுத்தாள். ராத்திரிக்கு மட்டும் அட்டெண்டர் வைத்தால் ஏஜென்சி கேட்டது ஒரு நாளைக்கு 800 ரூபாய். இருபத்திரெண்டு வேலைநாளுக்கு 17,600. சம்பள உயர்வு 12,000. "அப்ப மாசம் 5,600 ரூபா நாம கைக்காசு போட்டு அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்றோம்" என்றாள். "நல்ல மனசுதான். ஆனா கட்டுப்படி ஆகாது."

மறுப்பது என்று முடிவானது. எப்படி மறுப்பது என்பதில்தான் உறவினர்கள் பிரிந்தார்கள். மச்சான் சொன்ன வழி சுருக்கமானது. "போனை எடுக்காதீங்க மாமா. ஜாயினிங் அன்னைக்குப் போகாதீங்க. அவங்களே புரிஞ்சுக்குவாங்க." இந்தத் தொழிலில் இது ஊரறிந்த வழக்கம், நோ-ஷோ என்று பெயரே இருக்கிறது. அதனால்தான் பல கம்பெனிகள் தேவைக்கு மேலேயே ஆள் எடுத்துவைக்கின்றன. ஆனால் ஒருவர் வரப்போகிறார் என்று நம்பி சிஸ்டம் ஒதுக்குவார்கள், ட்ரெய்னிங் பேட்சில் பெயர் சேர்ப்பார்கள், கேப் ரூட் போடுவார்கள். அடுத்த இடத்தில் காத்திருந்தவர் அதற்குள் வேறெங்கோ சேர்ந்துவிடுவார். திட்டு விழுவது எனக்கு வேலை கொடுத்த மானேஜருக்கு.

அவருக்கு நான் கடன்பட்டிருந்தேன். நைட் ஆறு மாதம்தான், அப்புறம் டே ஷிஃப்ட் என்று ஹெச்.ஆர். பெண் தேன் தடவியிருந்தார். கடைசி ரவுண்டில் மானேஜர் கதவைச் சாத்திவிட்டு, "ஆறு மாசத்தை நம்பாதீங்க பாஸ். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் திறந்திருக்கிறப்பதான் நாம பேச முடியும். ஏ.ஆர்.ல டே ஷிஃப்ட்டே கிடையாது" என்றார். ஆள் பிடிக்க வேண்டியவர் ஆள் ஓடிப்போகிற உண்மையைச் சொன்னார். ஃப்ளோருக்கு அழைத்துப்போய் இன்னொரு ஹெட்செட் கொடுத்து ஒரு போன் காலை முழுக்கக் கேட்கவும் வைத்தார். நாற்பது நிமிஷம் இசை, இரண்டு நிமிஷம் பேச்சு.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எப்படி மறுப்பது என்று கற்றுக்கொண்டேன். இன்சூரன்ஸ்காரன் சும்மா மறுப்பதில்லை, எண் போட்டு மறுப்பான். CO-16 என்றால் விவரம் போதவில்லை. கேட்டதை அனுப்பினால் காசு வரலாம், காலர் விடமாட்டார். CO-29 என்றால் பில் அனுப்புகிற கெடு முடிந்தது. கெடுவுக்குள் அனுப்பியதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் கிளெய்மை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதினால் அது அப்பட்டமான CO-16. என்ன சூழ்நிலை, எப்போது சரியாகும், கேப் மாற்றித் தரட்டுமா என்று மேல்முறையீடு வந்துகொண்டே இருக்கும். 'சம்பளம் போதவில்லை' என்றால் இன்னும் மோசம், ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே CO-29 வகையில், நேரத்தைச் சொல்லி மறுப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் போன், பிறகு மெயில். ராத்திரி வேலை பார்க்கிறவரைக் காலை பத்து மணிக்கு எழுப்பி மறுப்பது பாவம் என்று நாலு மணிக்கு மேல் கூப்பிட்டேன்.

"சார், ஆஃபருக்கு ரொம்ப நன்றி. ஆனா என்னால வர முடியாது. அப்பாவுக்கு மறதி நோய். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ராத்திரி முழுக்க நான் வீட்ல இருந்தாகணும். இது ஆறு மாசத்துல மாறுற விஷயம் இல்ல."

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "வெஸ்ட் கோஸ்ட் கிளையன்ட் ஒண்ணு இருக்கு பாஸ். ஷிஃப்ட் ஒன்பதரைக்குத்தான். அப்பா தூங்கினப்புறம் வரலாமே?"

நல்ல மனிதர்தான், மேல்முறையீடு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. "ஒன்பதுக்குத் தூங்குறவர் ரெண்டு மணிக்கு எழுந்திரிப்பார் சார். வொய்ஃபுக்கும் மாறி மாறி நைட் வரும். அப்ப கதவைத் திறந்துகிட்டு ஜோலார்பேட்டைக்குப் போயிடுவார்."

"சரி, க்ளோஸ் பண்ணிடறேன்" என்றார். "முன்னாடியே சொன்னீங்களே, அதுக்குத் தாங்க்ஸ். பேக்கப்ல ஒருத்தர் இருக்கார், அவருக்கு இன்னைக்கே லெட்டர் போட்டுடலாம்."

மெயில் ஆறே வரி. எந்த வேலைக்கு எந்தத் தேதியில் வந்த ஆஃபர், அதை ஏற்க இயலவில்லை, காரணம் மாலை முதல் வீட்டில் இருக்க வேண்டிய பொறுப்பு, ஷிஃப்ட் நிலவரத்தை மறைக்காமல் சொன்னதற்கும் ஃப்ளோரில் போன் காலைக் கேட்கவிட்டதற்கும் நன்றி, பகல் வேலை ஏதாவது வந்தால் சொல்லுங்கள். வேறு எதுவும் எழுதவில்லை. 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இரங்கல் கடிதம் மாதிரி இருக்கிறது என்று மனைவி அடித்துவிட்டாள். ஹெச்.ஆருக்கும் ஒரு நகல் போட்டேன். மானேஜரும் ஹெச்.ஆரும் அறிந்துவிட்டால் கம்பெனியே அறிந்ததாக நினைத்தது, டிரான்ஸ்போர்ட் என்று ஒரு தனி சாம்ராஜ்யம் இருப்பது தெரியாததால்.

ஜாயினிங் தேதியன்று மாலை கேப் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்தார். நான் சட்டை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் அப்பா கேட்டருகே போய்விட்டார். டிரைவர் அட்டையில் செருகிய ட்ரிப் ஷீட்டை நீட்டியிருக்கிறார். நேரம் தவறாமல் ஒருவர் வந்து கையெழுத்துக் கேட்டால் அப்பா என்ன செய்வார்?

"வண்டி இன்னைக்கு இல்லைங்க, மறுத்துட்டோம்" என்று மூச்சு வாங்க நான் விளக்கியதும் டிரைவர் குழம்பிப் போனார். "என்ன சார், இப்பதான் பெரியவர் டூட்டிக்கு ஒத்துக்கிட்டாரு?"

ஷீட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே, கோணாமல், 16.50 என்று நேரத்துடன் அப்பாவின் கையெழுத்து. கீழே சின்னதாக ஒரு குறிப்பு: 'பிரேக் வேனில் விளக்கு சரிபார்க்கவும்.'