முதலில் விடுமுறை, பிறகு இலக்கணம்

கேள்வி: தமிழ் கற்கும் பீகார் இளைஞர், வணக்கம்கூட இல்லாமல் வாட்ஸ்அப்பில் 'வரும் செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்கா போனேன்' என்று ஒரே வரி அனுப்புகிறார். திருத்துவதா, பேசுவதா? (வாசகி, சேலையூர்)

பதில்: பேசுங்கள். "வர்ற செவ்வாய்க்கிழமை பூங்காவுக்குப் போகப் போறீங்களா? அன்னிக்கு வார விடுமுறையாச்சே, புதன்கிழமை போங்க" என்று எழுதுங்கள். காலமும் வேற்றுமை உருபும் சத்தமில்லாமல் திருந்திவிட்டன. பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் அலைச்சலும் மிச்சம். அடுத்து அவரே 'புதன்கிழமை பூங்காவுக்குப் போறேன்' என்றால் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம். மறுபடியும் 'போனேன்' வந்தால் அந்த ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வணக்கத்தை விட்டது திமிரல்ல, பயம். இன்னொரு சொல் சேர்த்தால் இன்னொரு பிழை வருமே! ஒரே வரியில் நாலு திருத்தம் போட்டால் அந்த ஒரு வரியும் வராது.