தொடக்கப் பள்ளி வகுப்பறையில் பென்சில் மறைவும் மறுகொள்முதலும்: ஓர் ஆய்வு

வகுப்பறைத் தேவைப்பட்டியல் என்பது பருவம் தொடங்குமுன் ஆசிரியர் தயாரிக்கும் ஒரு பக்க ஆவணம். அதில் நான்கு பத்திகள் இருக்கும்: பொருளின் பெயர், ஒரு மாணவருக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, கையிருப்பு போக வாங்க வேண்டியது எத்தனை. முதல் பத்தியை எவரும் நிரப்பிவிடலாம். இரண்டாம் பத்தியில்தான் இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் குடியிருக்கின்றன. ஒரு குழந்தைக்கு எத்தனை பென்சில் தேவை என்பது அக்குழந்தை எவ்வளவு எழுதுகிறது என்பதைப் பொறுத்தது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஜூலை மாதம் வரை நீடிக்கும்.

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் மாதிரி இரண்டாம் வகுப்பு. மாணவர் 30 பேர். காலம் முதல் பருவம், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. விடுமுறைகள் போக வாரம் ஐந்து நாளாகப் பதினான்கு வாரம், ஆக 70 வேலை நாள் என்று கொள்ளப்படுகிறது. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, கிரேயான் ஆகியவை அரசின் விலையில்லாப் பொருள்களாக வந்துவிடுவதால் அவை பட்டியலில் ஏறா. எஞ்சியவற்றுக்குப் பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 31 முதல் 100 வரை உள்ள பள்ளிக்குச் சமக்ர சிக்‌ஷா நெறிமுறைப்படி ஆண்டுக்கு ரூ. 25,000 ஒதுக்கீடு. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் பல்பு, பூட்டு, மின்விசிறிப் பழுது எல்லாம் பங்கு கேட்டபின் பென்சிலின் முறை வரும். முறை வருமுன் ஆசிரியரின் கைப்பை திறந்துவிடுவதும் உண்டு. அது எந்தப் பதிவேட்டிலும் வராது.

பென்சில் மூன்று வழிகளில் தீர்கிறது: எழுதி, சீவி, காணாமல் போய். முதல் வழியில் தீர்வது அற்பம். எழுதுவதால் தேய்வது கரிமுனை மட்டுமே. பென்சிலைக் குட்டையாக்குவது துருவிதான். கடையில் வாங்கும் புதுப் பென்சிலின் நீளம் ஏறத்தாழ 17.5 செ.மீ. ஏழு வயதுக் கை 5 செ.மீ. துண்டு வரை பிடித்து எழுதும், அதற்குக் கீழே விரல் நழுவும். ஆகவே பயன்படும் நீளம் 12.5 செ.மீ., அதாவது 125 மி.மீ. ஒருமுறை ஒழுங்காகச் சீவினால் இரண்டரை மி.மீ. போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு பென்சில் ஐம்பது சீவலுக்கு வரும். நாளொன்றுக்கு ஒரு சீவல் என்றால் 70 நாளில் 175 மி.மீ. கழிகிறது, ஒன்றரைப் பென்சிலுக்குச் சற்றுக் குறைவு. அரைப் பென்சிலாக யாரும் விற்பதில்லை என்பதால் இரண்டு எனக் கொள்க. இக்கணக்கு ஒரே முனையைச் சீவும் குழந்தைக்குப் பொருந்தும். இரு முனையும் சீவிக்கொள்ளும் மரபினர் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.

காணாமல் போவதைக் கணிப்பதே கடினம். பென்சில் பெஞ்சிலிருந்து உருள்கிறது, ஜன்னல் விளிம்பில் தங்குகிறது, சட்டைப் பையிலேயே கிடந்து துவைக்கும் கல்வரை போகிறது, பக்கத்து வகுப்பில் படிக்கும் அக்காவிடம் குடிபெயர்கிறது. இந்த இழப்புக்குத் தலைக்கு ஒரு பென்சில் சேர்ப்பது நடுத்தரமான மதிப்பீடு. மொத்தம் தலைக்கு மூன்று, வகுப்புக்குத் தொண்ணூறு, பத்துப் பென்சில் கொண்ட பாக்கெட்டாக ஒன்பது.

இழப்பு எது, செலவு எது என்று பிரித்தறிய எளிய வழி, பழைய துண்டைக் கொடுத்தால்தான் புதியது என்ற விதி. வந்து சேரும் துண்டு விரல் நீளத்துக்குக் குட்டையாக இருந்தால் அது நேர்மையான செலவு. துண்டே வராமல் "மிஸ், இங்கதான் வெச்சேன்" என்ற வாக்குமூலம் மட்டும் வந்தால் இழப்பு. மூன்றாவது வகை கவனத்துக்கு உரியது: துண்டு பாதி நீளத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் சீவியதும் கரிமுனை முழுசாகக் கழன்று விழுகிறது. கீழே விழுந்த பென்சிலுக்குள் கரிக்குச்சி பல துண்டாக ஒடிந்திருப்பதன் அடையாளம் அது. இப்படிப்பட்ட துண்டுகள் ஒரே வாரத்தில் நாலைந்து திரும்பி வந்தால் குழந்தைகளைக் கோபித்துப் பயனில்லை, அடுத்த முறை வேறு சரக்கு வாங்க வேண்டும். கடையிலேயே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பென்சிலின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கரிவட்டம் மரத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் எவ்வளவு சீவினாலும் முனையின் ஒரு பக்கத்தில் மரம் நாக்கு நீட்டிக்கொண்டே இருக்கும். குழந்தை அதை மீண்டும் மீண்டும் சீவும். ஐம்பது சீவல் கணக்கு அங்கே கவிழ்ந்துவிடும்.

துருவியைப் பொறுத்தவரை, தலைக்கு ஒன்று என்பது பட்டியலின் மிகப் பெரிய பிழை. ஒவ்வொரு கையிலும் துருவி இருந்தால் சீவுவது தேவையால் நிகழாமல் பொழுதுபோக்காக நிகழ்கிறது. ஆறு பேருக்கு ஒன்று போதும். 30 பேருக்கு ஐந்து. பென்சில் பாக்கெட்டுடன் துருவியும் ரப்பரும் இலவசமாக வரும் சரக்காக வாங்கினால் ஒன்பது பாக்கெட்டுக்கு ஒன்பது துருவி கிடைக்கும், நான்கு கையிருப்பில் நிற்கும். பிளேடைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்ததை அன்றே எடுத்துவிட வேண்டும். அதற்கு மாற்றும் கையிருப்பிலேயே இருப்பதால் துருவிக்கான வரியில் எழுத வேண்டியது பூஜ்யம்.

துருவியின் துணைவிளைபொருளான சீவல்பூ பற்றியும் ஒரு குறிப்பு தேவை. விளிம்பில் வண்ணக்கோடு ஓடும் அந்தச் சுருளைப் பாலில் ஊறவைத்தால் ரப்பராகும் என்பது தலைமுறைகளாகத் தமிழகப் பள்ளிகளில் நிலவும் கோட்பாடு. அதையே தீனியாகப் போட்டுப் புத்தகத்துக்குள் மயிலிறகை வளர்த்தால் குட்டி போடும் என்பது இன்னொரு பள்ளி. இரண்டையும் ஆதரிக்கும் முடிவு இதுவரை வெளியாகவில்லை. எனவே ரப்பர் தேவையை உள்நாட்டு உற்பத்தியால் ஈடுகட்டலாம் என்று தேவைப்பட்டியலில் எழுதினால் தலைமையாசிரியர் கையொப்பமிட மாட்டார்.

ரப்பர் அழித்துத் தேய்ந்ததாகச் சான்று இல்லை. அது குத்தப்படுகிறது, கிள்ளப்படுகிறது, பெயர் எழுதப்படுகிறது, முகரப்படுகிறது. பழவாசனை ரப்பராக இருந்தால் காக்காய்க்கடி முறையில் பங்கிடவும் படுகிறது. வாசனை ரப்பரைப் பட்டியலில் சேர்க்காததற்கு இதுவே காரணம். சாதாரண வெள்ளை ரப்பர் போதும். ரப்பர் பெரியதோ சிறியதோ, காணாமல் போகும் வேகம் ஒன்றுதான். ஆகவே சிறியதைத் தொலைத்தால் நட்டம் குறைவு. ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கிக் கொடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். தலைக்கு இரண்டு அரைத்துண்டு என்றால் முப்பது முழு ரப்பர். பாக்கெட்டோடு வந்த ஒன்பதைக் கழித்தால் 21 வாங்க வேண்டும். ஒன்பதையும் கையிருப்பாக விட்டுவிட்டு முப்பதாகவே வாங்குவது அறிவுடைமை.

சாக்பீஸ் மாணவர் கணக்கில் வராது, ஆசிரியர் கணக்கில் வரும். நாளுக்கு மூன்று என்றால் பருவத்துக்கு 210. நூறு கொண்ட பெட்டி மூன்று வாங்கினால் 90 மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சுவரை ஒட்டிய கீழ்மட்டக் கரும்பலகைகள் பார்த்துக்கொள்ளும். வண்ணச் சாக்பீஸைக் கலவைப் பெட்டியாக வாங்கக் கூடாது. கரும்பலகையில் மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது, அடர்நீலம் முதல் வரிசைக்கே தெரிவதில்லை. எனவே ஒவ்வொரு கலவைப் பெட்டியும் மஞ்சளை இழந்து நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பழைய பள்ளி அலமாரிகளில் நீலச் சாக்பீஸ் பல ஆண்டுப் படிவுகளாகக் காணப்படும். தனி மஞ்சள் பெட்டி ஒன்று போதும். இரண்டாம் பருவத்துக்கான வெள்ளைச் சாக்பீஸை அக்டோபருக்கு முன்பே வாங்கி மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் ஈரம் இழுத்த சாக்பீஸ் எழுதாது, வழுக்கும். அப்படி ஆகிவிட்டால் முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தால் தேறும்.

சிலேட்டுக்குச்சியின் செலவில் ஒரு பகுதி வயிற்றுக்குப் போகிறது. எப்போதாவது கடிப்பது வேறு. ஒரு குழந்தை விடாமல் பலப்பமும் சாக்பீஸும் மண்ணும் தின்றால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கக்கூடும். அதற்குக் கூடுதல் குச்சி வாங்குவது தீர்வாகாது, வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

கிரேயான் விலையில்லாமல் வந்தாலும் இருப்புக் கணக்கு தேவை. இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை: தமிழ்க் குழந்தை வரையும் இயற்கைக் காட்சியின் உறுப்புகள் இவை. இவற்றுக்குப் பச்சை, பழுப்பு, மஞ்சள், நீலம் செலவாகின்றன. எல்லாவற்றுக்கும் ஓரம் போடக் கறுப்பு செலவாகிறது. வெள்ளைத்தாளில் வெள்ளைக்கு வேலை இல்லை. ஒடிந்த துண்டுகளை நிறவாரியாக ஒரு பொது டப்பாவில் சேர்த்துவைத்தால் தீர்ந்த நிறத்துக்காக ஒரு முழுப் பெட்டி வாங்க வேண்டியிருக்காது.

பசை அரைக் கிலோ டப்பாவாக ஒன்று. சின்னப் புட்டிகளாகக் கொடுத்தால் குழந்தைகள் உள்ளங்கையில் பூசிக் காயவிட்டுத் தோல்போல் உரித்தெடுப்பார்கள். ரேகை முழுதும் பதிந்த அந்த உரிசல்தான் அவ்வாரத்தின் பசைச் செலவு. தண்ணீர்ப் புட்டி மூடியில் அரை மூடி ஊற்றி ஆறு பேர் நடுவில் வைப்பதே சிக்கனம்.

இனி மறுகொள்முதல். தீர்ந்தபின் வாங்குவது பரவலான முறை, அதனால்தான் பரவலாகப் பென்சில் இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, ஒப்புதல் வாங்கி, ஊருக்குப் போகிறவர் கையில் சீட்டுக் கொடுத்துச் சரக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகலாம். பள்ளி திறந்த அன்று 30 பென்சில் கொடுத்தாயிற்று. மீதி அறுபதும் பதினான்கு வாரத்தில் போகும், வாரத்துக்கு நாலு, தாராளமாக ஐந்து. இரண்டு வாரத் தாமதத்துக்குப் பத்து, எதிர்பாராத வாரத்துக்கு ஐந்து, ஆகப் பதினைந்து இருக்கும்போதே சீட்டு எழுதிவிட வேண்டும். எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லாதவர் அதை இரண்டு பாக்கெட்டாக்கி, ரப்பர் பேண்டு போட்டு, "இதைப் பிரிக்குமுன் எழுது" என்ற துண்டுச்சீட்டைச் செருகி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடலாம். சாக்பீஸுக்குக் கடைசிப் பெட்டிக்கு முந்தையதைப் பிரிக்கும் நாளே சீட்டெழுதும் நாள்.

இருப்புப் பதிவேட்டில் வரவு, செலவு, இருப்பு என்று பத்திகள் உண்டு. திரும்பக் கிடைத்தவைக்குப் பத்தி கிடையாது. செப்டம்பர் இறுதியில் பெஞ்சுகளை நகர்த்திக் கூட்டும்போது பென்சிலும் அரை ரப்பரும் கொத்தாக வெளிவரும். அவற்றைக் கழுவி, தனி டப்பாவில் போட்டு, இரண்டாம் பருவப் பட்டியலின் நான்காம் பத்தியில் கழித்துக்கொள்ளலாம். அவ்வாறு கழிக்கும்போதும் வெள்ளைக் கிரேயானையும் நீலச் சாக்பீஸையும் எண்ணத் தேவையில்லை. அவை போன பருவத்தின் எண்ணிக்கையிலேயே இருக்கும்.