தாழ்மையுடன் எழுதிக்கொள்வது

வங்கி மேலாளர் என் விண்ணப்பத்தின் முதற்பக்கம் முழுவதையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துத் திருப்பித் தந்தது நேற்று மாலை. எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதாளச் சாக்கடைக்கென்று எங்கள் வீதியைத் தோண்டிப் போட்டதில் என் பாத்திரக்கடை நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தது. பலகைப் பாலத்தின்மேல் அண்டாவைச் சுமந்து கடக்க எந்த மனிதன் துணிவான்? ஆகவே தவணைக்குச் சிறிது அவகாசம் கேட்டு எழுதினேன்.

'சமூகத்திற்கு' என்று தொடங்கினேன். 'தாழ்மையுடன்' என்ற பதத்தை முதல் வரியில் ஒருமுறையும், அது போதாதோ என்ற சந்தேகத்தில் மூன்றாம் வரியில் மறுமுறையும், பணிவுக்கு வரம்பு ஏது என்ற வைராக்கியத்தில் 'மிகமிகத் தாழ்மையுடன்' என்று ஏழாம் வரியிலும் பிரயோகித்தேன். பின்னர் தகப்பனாரின் முழங்கால் வாதம், மைத்துனன் வேலையிழந்த விருத்தாந்தம், தீபாவளிக்கு மகள் கேட்டுக் கிடைக்காத பட்டுப்பாவாடை, அதன் நிறம், அந்நிறத்தை அவள் தேர்ந்தெடுத்த காரணம், எல்லாம் கிரமமாக வந்தன. பாவாடையின் சரிகையை வருணிக்கும்போது எனக்கே கண் கலங்கிற்று. கேட்கவந்தது எத்தனை மாத அவகாசம் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டேன்.

"பாவாடையை விடுங்கள். வீதி அடைபட்டது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? அதற்கு முன் மாத விற்பனை என்ன, பின் என்ன?" என்றார் மேலாளர்.

மூன்று லட்சம், அறுபதாயிரமாயிற்று என்றேன். அதற்கு ஜி.எஸ்.டி. கணக்கை இணைக்கச் சொன்னார்.

நிலுவை நாலு லட்சம், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, மாதம் ரூ.13,286 வீதம் 36 தவணை பாக்கி. மூன்று மாதம் ஒன்றுமே கட்டாவிட்டால் அசல் ஓய்வெடுக்குமேயன்றி வட்டி ஓய்வெடுக்காது. அது ரூ.12,120 ஆகி அசலின்மேல் ஏறிக்கொள்ள, அதே தவணையில் 36ஆம் மாதம் தீரவேண்டிய கடன் 41ஆம் மாதந்தான் தீரும். அதைவிட, அந்த மூன்று மாதமும் வட்டி நாலாயிரத்தை மட்டும் கட்டிவிட்டால் 39ஆம் மாதத்தில் தீர்ந்துவிடும். இதையும் அவரே பென்சிலால் ஓரத்தில் போட்டுக் காட்டினார். தவணை தவறி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும் என்றும், தவறுமுன் வந்து கேட்பவனுக்குத்தான் இடமுண்டு என்றும், என்னவோ நான் வேண்டுமென்றே தாமதித்தவன்போல், உபதேசித்தார்.

இவ்வளவையும் ஆறே வரியில் எழுதலாமாம்! எழுதினேன். சரிகை போயிற்று, முழங்கால் போயிற்று. ஒரேயொரு 'தாழ்மையுடன்' மட்டும் மனம் கேளாமல் நின்றுவிட்டது. இன்று காலை கொண்டுபோய் நீட்டினால், இரண்டு நகல் வேண்டுமாம். நகல் எடுக்கும் கடையோ பலகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.