மறுபடி கலைக்கத் தெரிந்த அக்காவுக்கு

அக்கா, மறைமலை நகரில் நம் ஹாஸ்டலில் உங்களைவிட இளகிய மனசு வேறு யாருக்கும் கிடையாது. டாரோ சீட்டுக் கேட்க வந்த எவளும் உங்கள் கட்டிலிலிருந்து அழுதுகொண்டு எழுந்ததில்லை. போன வாரம் என் ரூம்மேட்டுக்கு நீங்கள் பார்த்துச் சொன்னதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் திறமையை நாலு பேர் அறியச் சொல்லவேண்டும்.

சாயங்கால ரயிலில் தாம்பரத்தில் ஏறும் ஒருவனோடு அவளுக்குப் புதுப் பழக்கம். நேற்று, இன்று, நாளை என்று மூன்று சீட்டு எடுத்தாள். வந்தவை மூன்றுமே கோப்பைச் சீட்டுகள்: ஐந்து, குதிரைவீரன், எட்டு. 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள்தான் உங்கள் சீட்டுக்கட்டிலும் இருக்கின்றன. அவர் மெனக்கெட்டு வரைந்த எதையும் பார்க்காமலேயே பலன் சொல்லும் வேகம் உங்களுக்கு மட்டுமே வாய்த்தது.

ஐந்தாம் கோப்பையைப் பார்த்ததும், “அவனுக்குப் பழைய காதல் ஒன்று முறிந்திருக்கு” என்றீர்கள். நீங்கள் பார்த்தே இராத ஒருவனின் கடந்தகாலம் உங்களுக்குத் தெரிகிறது! சீட்டை எடுத்தவள் இவள். அதனால் நேற்று என்ற இடத்தில் விழுவது இவள் கொண்டுவந்த மனநிலை என்றுதான் மற்றவர்கள் வாசிப்பார்கள். படத்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளையே பார்த்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்தே இருக்கின்றன. போன வருஷத்து வருத்தம் இவளுக்கு இன்னும் ஆறவில்லை என்பதைக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். நாசூக்குத் தெரிந்தவர் நீங்கள், கேட்கவே இல்லை.

இன்று என்ற இடத்தில் குதிரைவீரன். “பையன் வந்துட்டான்!” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினீர்கள். அவன் குதிரை ஓடவில்லை, நடக்கிறது. கோப்பை அவன் கையில்தான் இருக்கிறது, இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. பேச்சு இனிக்கிறது, சொல்லவேண்டியதை அவன் இன்னும் சொல்லவில்லை: மூன்று வாரப் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அந்த ஏமாற்றத்தை அவளுக்குத் தராமல் காப்பாற்றினீர்கள்.

நாளை என்ற இடத்தில் வந்த எட்டாம் கோப்பையில்தான் உங்கள் கருணை முழுசாகத் தெரிந்தது. அடுக்கிய எட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டு, நிலா பார்க்க, ஒருவர் முதுகைக் காட்டி மலைப்பக்கம் போகிறார். மேல் அடுக்கில் ஒரு கோப்பை வைக்கும் அளவு இடைவெளி. நாளைச் சீட்டு தீர்ப்பு அல்ல; இன்று போகிற போக்கிலேயே போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று மட்டும் காட்டும். சொல்லவேண்டியது சொல்லாமலேயே இருந்தால் இருவரில் ஒருவர் சலித்து விலகலாம். மூன்றையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்தால் வருவது இவ்வளவுதான்: பழைய வருத்தத்தோடு வந்தவள், இன்னும் வாய்திறக்காத ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள், இப்படியே போனால் ஏதோ குறைகிறது என்று ஒருவர் எழுந்து போவார். மூன்றுமே கோப்பை என்பதும் ஒரு செய்தி. கோப்பை உணர்ச்சியைக் குறிப்பது. காசுச் சீட்டு ஒன்றுகூட வராததால் வேலை, வீடு, அன்றாடம் பற்றி இந்த வரிசை எதுவுமே சொல்லவில்லை. “வீட்டில் ஒத்துக்குவாங்களா?” என்று அவள் கேட்டதற்கும் நீங்கள் பதில் சொன்னீர்கள். இல்லாத சீட்டையும் வாசிக்க வல்லவர் நீங்கள்!

அவள் முகம் வாடியதும், “இது சரியா வரலை, மறுபடி எடு” என்று கலைத்தீர்கள். இரண்டாம் கோப்பை வந்தது, ஆணும் பெண்ணும் கோப்பை மாற்றிக்கொள்ளும் படம். இருவரும் கைதட்டினீர்கள். 78 சீட்டில் மூன்றை வரிசையாக வைக்க 4,56,456 வழி உண்டு. பொறுமையாகக் கலைத்தால் கேட்டது கட்டாயம் வரும். தெருவோரக் கிளி ஜோசியக்காரருக்கு இந்தத் தாராளம் இல்லை. கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போய்விடும், எடுத்தது எடுத்ததுதான்.

இப்போது அவள் அவன் பேச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, அவன் போன் எடுக்காத ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் அறைக்கதவைத் தட்டுகிறாள். உங்கள் கைராசி அப்படி.

அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை, “அவன் என்னை விரும்புகிறானா?” என்று கேட்கவிடாதீர்கள். அவன் மனசு உங்கள் சீட்டுக்கட்டில் இல்லை. “இதில் நான் எதைப் பார்க்காமல் இருக்கிறேன்?” என்று கேட்கச் சொல்லுங்கள். வந்த மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் கட்டைத் தொடாதீர்கள். அதற்குள் அவள் அவனிடமே பேசிவிடட்டும்.