கொம்பு இடம் மாறிய பதாகை: கேள்வி-பதில்

கேள்வி: அறிமுகமே இல்லாத ஒரு ஸ்டார்ட்-அப் நிறுவுநருக்கு வேலை கேட்டு மின்னஞ்சல் போடலாமா? படலையைத் தட்டாமல் வளவுக்குள் நுழைவது போல இருக்காதா? (ஃப்ரீலான்ஸ் டிசைனர், கட்டைபறிச்சான்)

பதில்: முன்பின் தெரியாதவருக்குத் தொழில் நிமித்தம் எழுதும் முதல் மின்னஞ்சலைத் தொழிலில் இருப்பவர்கள் ‘கோல்ட் மெயில்’ என்கிறார்கள். தாராளமாக எழுதலாம். வந்த காரணத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அதுவே படலையைத் தட்டியதாகிவிடும். ‘லோகோ, பிரசுரம், முகநூல் பதிவு எல்லாம் செய்து தருவேன்’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் போனால், தன் நிறுவனத்துக்கு இதில் எது தேவை என்று படிப்பவரே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த நேரம் அவரிடம் இல்லை. அந்த யோசனையை டிசைனர் முடித்துவிட்டு, அந்த ஒரு நிறுவனத்தில் கண்ட ஒரு குறையையும் அதைத் திருத்தும் ஒரு வேலையையும் எழுதி அனுப்பினால், ஆம் அல்லது இல்லை என்று ஒரு நிமிடத்தில் அவரால் பதில் சொல்லிவிட முடியும்.

கேள்வி: அந்த ஒரு குறையை எங்கே தேடுவது? கொழும்பு நிறுவனங்கள் நம்மைவிடப் பெரிய டிசைனர்களை வைத்திருப்பார்களே? (வாசகர், மூதூர்)

பதில்: பெரிய டிசைனருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத இடத்தில் தேட வேண்டும். இலங்கையில் ஒரு நிறுவனம் மூன்று மொழியிலும் விளம்பரம் செய்யும்போது, தமிழ் வரியை ஒருவர் மொழிபெயர்க்கிறார், வேறொருவர் அதை நகலெடுத்துப் படத்தில் ஒட்டுகிறார். ஒட்டுபவருக்கு எழுத்து தெரியாவிட்டால், உடைந்தது அவர் கண்ணுக்குப் படாது. கொட்டியாரக் குடாக் கரையில் தமிழ் படித்து வளர்ந்தவருக்கு அது ஒரு நொடியில் தெரியும். பெரிய அலுவலகத்தில் இல்லாத அந்தக் கண்தான் இங்கே விற்பனைக்கு உரியது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்து தரும் ஒரு கற்பனை ஸ்டார்ட்-அப்பின் இணையதள முகப்பில் ‘கொழும்பில் வீடு தேடி வரும்’ என்று ஒரு பதாகை இருக்கிறது. ‘தேடி’யில் இரட்டைக்கொம்பு ‘த’வுக்கு முன்னால் நிற்க வேண்டும். அது பின்னால் போய் ‘டி’யோடு ஒட்டிக்கொண்டது. ‘கொழும்பில்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இரண்டுமே ‘க’வின் வலப்பக்கம் விழுந்துவிட்டன. படிப்பவர் ‘த, டே’ என்று தடுக்கி, பிறகு ஊகித்துத்தான் பொருள் கொள்கிறார்.

கேள்வி: ஏன் இப்படி உடைகிறது? காரணம் தெரியாமல் எழுதினால் கேலியாகிவிடுமே? (வாசகர், சம்பூர்)

பதில்: யூனிகோடில் ‘தே’ என்பது முதலில் ‘த’, அடுத்து இரட்டைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது அதைக் காட்டும் மென்பொருளின் வேலை. இன்றைய கைபேசிகளும் உலாவிகளும் அதைத் தாமாகச் செய்கின்றன. இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருள், இந்திய எழுத்துகளுக்குரிய வசதியை இயக்காவிட்டால், சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் `Show Indic Options` என்பதை இயக்கி, பிறகு அந்தப் பத்திக்கு `Middle Eastern & South Asian` வகைக் கம்போசரைத் தேர்ந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். முதல் படியோடு நின்றால் பழைய வரி மாறாது. பத்தியையும் தெரிவுசெய்து மாற்ற வேண்டும்.

எழுதுவதற்கு முன் இரண்டு சோதனை அவசியம். பதாகையின் எழுத்தை விரலால் அழுத்தித் தெரிவுசெய்து பார்க்க வேண்டும். தெரிவாகாவிட்டால் அது படம். பிழை வரைகலை மென்பொருளில் நடந்தது, எந்தக் கைபேசியிலும் அப்படியேதான் தெரியும். தெரிவானால் அது உயிருள்ள எழுத்து. பார்ப்பவரின் பழைய கைபேசியே அதைக் குழப்பியிருக்கலாம். அப்போது இன்னொரு கைபேசியில் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது. தமிழுக்குப் பதிலாக `jkpo;` போன்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் தெரிந்தால் கதை வேறு. அது பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’. பாமினி இல்லாத இடத்தில் வெளிப்பட்டிருக்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். கம்போசரை மாற்றிப் பயனில்லை. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், எது என்று தெரிந்த பிறகே விலை சொல்ல முடியும்.

கேள்வி: மின்னஞ்சலை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி தர முடியுமா? (முதல் கேள்வியை அனுப்பிய டிசைனர், கட்டைபறிச்சான்)

பதில்: மேலே சொன்ன பதாகைக்கு இப்படி எழுதலாம்.

*பொருள்: உடைந்த தமிழ், உங்கள் முகப்புப் பதாகையில்*

*வணக்கம். உங்கள் தளத்தின் முகப்புப் பதாகையில் ‘கொழும்பில்’, ‘தேடி’ ஆகிய இரு சொற்களிலும் கொம்பு வலப்பக்கம் போயிருக்கிறது. காய்கறி, பால் பக்கங்களின் பதாகைகளிலும் இதே பிழை உண்டு. முகப்பு வரி இப்போது இருப்பதையும் திருத்தியதையும் ஒரே படத்தில் இணைத்திருக்கிறேன்.*

*மூன்று பதாகைகளையும் நிறமும் அளவும் மாறாமல் திருத்தித் தருகிறேன். மூலக் கோப்பு கிடைத்ததிலிருந்து இரண்டு நாள். மொத்தம் 9,000 ரூபா. விருப்பமானால் ‘சரி’ என்று மட்டும் பதில் எழுதுங்கள். வேண்டாம் என்றால் தெரிவியுங்கள், மறுபடி எழுத மாட்டேன்.*

*பெயர், கிராஃபிக் டிசைனர், வீட்டு முகவரி, கட்டைபறிச்சான், மூதூர். தொலைபேசி எண்.*

பொருள் வரியில் ‘உடைந்த தமிழ்’ முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. கைபேசித் திரையில் பொருள் வரி பாதியில் வெட்டுப்படும். முதல் இரண்டு சொல்லே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘ஒரு வாய்ப்பு’, ‘வணக்கம் ஐயா’ என்று தொடங்கும் பொருள் வரிகள் அந்த இடத்தை வீணாக்குகின்றன. கடிதத்தின் உடலில் டிசைனரின் படிப்பு, அனுபவம், பழைய வாடிக்கையாளர் எதுவும் இல்லை. இணைத்த படமே தகுதியைக் காட்டிவிடுகிறது. விலை இங்கே உதாரணத்துக்குத்தான். ஆனால் ஏதாவது ஒரு முழுத்தொகை இருந்தே ஆக வேண்டும். ‘விலை பேசிக்கொள்ளலாம்’ என்றால் நிறுவுநருக்கு இன்னொரு கடிதம் எழுதும் வேலை வந்துவிடும், அதோடு விஷயம் கிடப்பில் போகும்.

மூலக் கோப்பைக் கேட்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில டிசைனர்கள் அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றிவிடுவார்கள். அந்தக் கோப்பில் கம்போசரை மாற்ற எழுத்தே இருக்காது. வரியை முதலிலிருந்து தட்டி, அதே எழுத்துருவையும் அளவையும் தேடிப் பொருத்த வேண்டும். இரண்டு நாள் கேட்டது அதற்காகவும்தான்.

கேள்வி: நிறுவுநர் சிங்களவர், தமிழ் தெரியாது. கொம்பு என்றால் அவருக்கு என்ன புரியும்? (வாசகர், திருகோணமலை)

பதில்: மிக நன்றாகப் புரியும். சிங்களத்திலும் அதே உறுப்பு எழுத்தின் இடப்பக்கம்தான் நிற்கிறது, பெயர்கூட ‘கொம்புவ’. அவருக்குத் தெரிந்த மொழியில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, ‘கொம்புவ எழுத்துக்குப் பின்னால் போனால் எப்படி இருக்குமோ, உங்கள் தமிழ் வரி இப்போது அப்படி இருக்கிறது’ என்று ஒரு வாக்கியம் போதும். இணைத்த படத்தில் தவறான எழுத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டினால், தமிழ் ஓர் எழுத்தும் அறியாதவர்கூட வேறுபாட்டைக் கண்ணால் காண்பார்.

கேள்வி: திருத்திய படத்தை முதலிலேயே கொடுத்தால், காசு தராமல் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? (வாசகர், ஈச்சிலம்பற்று)

பதில்: எடுத்துக்கொள்ளும் வகையில் கொடுக்கக் கூடாது. மூன்று பதாகைகளில் ஒன்றின் ஒரு வரியை மட்டும், பழையதும் புதியதும் மேலும் கீழுமாக, சிறிய அளவில், ஒரு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும் படமாக அனுப்ப வேண்டும். அது பிழையைக் காட்டப் போதும், பதாகையாகப் போடப் போதாது. முழு வடிவமைப்பையும் புதிதாகச் செய்து அனுப்புவது இரட்டை நட்டம்: உழைப்பும் போகிறது, கேட்காத மாற்றங்களைக் கண்டு நிறுவுநரும் பின்வாங்குகிறார். லோகோவின் நிறம் பிடிக்கவில்லை என்பது போன்ற கருத்துகளையும் இந்தக் கடிதத்தில் சேர்க்கக் கூடாது. கொம்பு இடம் மாறியது பிழை, அதில் விவாதம் இல்லை. நிறம் ரசனை, அதைத் தொட்டவுடன் கடிதம் விவாதமாகிவிடும்.

கேள்வி: கீழே ஊர்ப் பெயரும் முகவரியும் போட வேண்டுமா? கட்டைபறிச்சான் என்றால் யாருக்குத் தெரியும், கொழும்பு என்று போட்டால் மதிப்பு அல்லவா? (அதே டிசைனர், கட்டைபறிச்சான்)

பதில்: உள்ள முகவரியையே போட வேண்டும். ‘தமிழ் பேசும் ஊரில் இருந்து ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார்’ என்பதே இந்தக் கடிதத்தின் வலு. ஊர்ப் பெயர் அதற்குச் சான்று.

புலம்பெயர் தமிழர் நடத்தும் ஸ்டார்ட்-அப்புகளுக்கு எழுதும்போது முகவரி சட்டத் தேவையாகவும் ஆகிறது. கனடாவின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டொரன்டோ நிறுவுநருக்கு இங்கிருந்து போகும் வணிக மின்னஞ்சலுக்கும் அது பொருந்தும். அனுப்புபவர் யார் என்பது, அஞ்சல் முகவரி, ‘இனி எழுத வேண்டாம்’ என்று சொல்லும் வழி மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. பெறுபவரின் சம்மதமும் தேவை. ஆனால் அவர் தன் மின்னஞ்சல் முகவரியை எல்லாரும் காணும்படி வெளியிட்டு, வணிகக் கடிதம் வேண்டாம் என்று குறிப்பிடாமலும் இருந்து, எழுதும் விஷயம் அவர் தொழிலைச் சார்ந்ததாகவும் இருந்தால், சம்மதம் இருப்பதாகக் கொள்ள அந்தச் சட்டம் இடம் தருகிறது. நிறுவனத்தின் சொந்தப் பதாகையைப் பற்றிய கடிதம் அந்த வரம்புக்குள் வரும். யாரோ விற்ற பட்டியலில் வாங்கிய முகவரிக்கு அனுப்பிய பொதுக் கடிதம் வராது.

கேள்வி: பதிலே வரவில்லை. எத்தனை தடவை நினைவூட்டலாம்? (வாசகர், கிண்ணியா)

பதில்: ஒரு தடவை. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, முதல் மின்னஞ்சலுக்கே மறுமொழியாக, இரண்டு வரியில் எழுதலாம். எழுதுமுன் தளத்தைத் திறந்து பதாகையை மறுபடி பார்க்க வேண்டும். பிழை திருத்தப்பட்டிருந்தால் நினைவூட்டலுக்கு இடமில்லை. வேலை வேறு கைக்குப் போயிருந்தாலும் வரி சரியாகிவிட்டது. இன்னும் உடைந்தே இருந்தால், ‘முகப்பில் “தேடி” இன்னும் உடைந்திருக்கிறது, அந்த மூன்று பதாகைகளை இப்போதும் செய்து தரலாம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த நிறுவனத்தின் பதாகையைத் திறக்க வேண்டும். மூன்றாவது கடிதம் வேண்டாம்.