கொட்டை எழுத்து இல்லாத ரிப்போர்ட்

சர்க்கரைக்காரர்களில் பல ரகம். சீனி இல்லாத காப்பிக்குத் துணையாக அதிரசம் வைத்துக்கொள்பவர் ஒரு ரகம். காலையில் பாகற்காய்ச் சாறு குடித்த தைரியத்தில் மத்தியானம் பாயசத்துக்கு உட்காருபவர் இன்னொரு ரகம். இவர்களைக்கூட அதட்டித் திருத்திவிடலாம். ரிப்போர்ட் அப்பத்தாவைத் திருத்துவதுதான் கஷ்டம். அவர் கையில் ஆதாரம் இருக்கும்.

அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லேப் காகிதத்தை டாக்டருக்கு முன்பே படித்துவிடுவார். அளவு மீறிய எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடிப்பார்கள் என்ற சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. கொட்டை எழுத்து இல்லையென்றால் நோயும் இல்லை.

காரைக்குடி அப்பத்தா ஒருவருக்கு ஜனவரியில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தே இல்லாத காகிதம் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. நூற்றுக்குள் இருந்தால் நார்மல். தெருவில் நாலு வீட்டுக்குக் காகிதத்தைக் காட்டிவிட்டு வந்து, மெட்ஃபார்மின் டப்பாவைப் பரணில் போட்டார்.

“காய்ச்சல் விட்ட பிறகு எவளாவது மாத்திரை முழுங்குவாளா?” என்று கேட்டார். வீட்டில் யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

ஏப்ரலில் மறு பரிசோதனை. மூன்று நாள் முன்பே டப்பா பரணிலிருந்து இறங்கியது. ராத்திரிச் சோறு இரண்டு இட்லியாகச் சுருங்கியது. சாயங்காலம் கோயிலை ஒரு சுற்றுக்கு நாலு சுற்றாகச் சுற்றினார். வெறும் வயிற்றில் 118 வந்தது. “கொஞ்சம் கூடத்தான் இருக்கு. வெயில் காலம்ல!” என்றார். காகிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

மதுரையில் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்தபோது திருப்பினாள். அங்கே ஹெச்பிஏ1சி 8.3 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பழைய ரிப்போர்ட்டுகளையும் தேடியெடுத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாகப் புள்ளி வைத்தாள். போன ஜூலை 8.4, அக்டோபர் 7.6, ஜனவரி 6.9, இப்போது 8.3.

“அப்பத்தா, கோடு இறங்கி வந்துச்சு. நீ நிறுத்தினதும் ஏறிருச்சு பாரு.”

“118தானேடி வந்துச்சு?”

“அது அன்னைக்குக் காலையில இருந்த சர்க்கரை. இது மூணு மாசக் கணக்கு. ரத்தத்துல இருக்கிற சர்க்கரை சிவப்பணுவுல போய் ஒட்டிக்கும். ஒரு அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கும். அதுல எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்த்தா, இத்தனை நாளா சராசரியா எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சுரும். 8.3ன்னா 190 பக்கம். மூணு நாள் இட்லி தின்னா அது அழியாது.”

அப்பத்தா மசியவில்லை. பேத்தி சுவரில் தொங்கிய பால் கணக்கைக் காட்டினாள்.

“பால்காரர் ஒரு நாள் கெட்டியா ஊத்தினா நம்பிருவியா?”

“எப்படி நம்புறது? நான் வைஞ்ச மறுநாள் மட்டும் கெட்டியா ஊத்துவான். மாசம் பூராப் பார்த்தாத்தான் அவன் வண்டவாளம் தெரியும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அப்பத்தாவுக்கு விஷயம் உறைத்தது. கொஞ்ச நேரம் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த 98?”

“மாத்திரையும் நீயும் சேர்ந்து வாங்கின 98. காய்ச்சல் வந்துட்டுப் போயிரும். சர்க்கரை போகாது, அடங்கித்தான் இருக்கும். அடக்கி வச்சிருக்கிறதே மாத்திரைதான்.”

“அப்ப சாகுற வரைக்கும் முழுங்கணுமா?”

“அப்படியும் இல்ல. தொடர்ந்து நாலஞ்சு தடவை நல்லா இருந்தா டாக்டரே குறைச்சாலும் குறைப்பார். 70க்குக் கீழே போய் வேர்த்து நடுங்கினா உடனே சீனி தின்னுட்டு அவர்கிட்ட ஓடணும். உன் வயசுக்கு ரொம்ப இறங்குறதும் ஆபத்து. ஆனா அதையெல்லாம் அவர் சொல்லணும். பரண் சொல்லக்கூடாது.”

மறுநாளே டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை பழையபடி தொடங்கியது. ஜூலையில் கோடு 7.4க்கு இறங்கியது. அப்பத்தா இப்போது தெருவுக்கே சராசரி நிபுணர். நார்மல் ரிப்போர்ட்டோடு யாராவது வந்தால், “இது ஒரு நாள் பால். போன மூணு ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வா” என்று திருப்பி அனுப்புகிறார்.

தீபாவளிக்கு வந்த பேத்தியை அடுப்படியிலேயே மறித்தார். “ஏன்டி, 120 நாள் சராசரின்னுதானே சொன்னே? அதுல ஒரே ஒரு ஜாங்கிரி தின்னா எத்தனை புள்ளி ஏறும்? கணக்குப் போட்டுச் சொல்லு.”

பேத்தி கணக்குப் போட்டாள். புள்ளி அசையவில்லை. அதை அப்பத்தாவிடம் சொல்லத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.